மாடித் தோட்டத்தின் எடைக் கணக்கு

மாடியில் பாத்தி கட்ட நினைப்பவர்கள் எந்தச் செடிக்கு எத்தனை அடி ஆழம் மண் வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தரையில் தோட்டம் போடுபவருக்கு அந்தக் கேள்வி போதும். மாடியில் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இந்தத் தளம் சதுர அடிக்கு எத்தனை கிலோ தாங்கும்?

ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு, சதுர மீட்டருக்கு 150 கிலோ என்பதுதான் இந்தியத் தர விதி (IS 875) சொல்லும் புழக்கச் சுமை. நமக்குப் பழகிய கணக்கில் சதுர அடிக்கு 14 கிலோ. கான்கிரீட்டின் சொந்த எடையும், மேலே போட்ட சுருக்கி, தட்டோடு ஆகியவற்றின் எடையும் இதில் சேராது. அவற்றைப் பொறியாளர் தனியாகக் கணக்கில் எடுத்திருப்பார். நடக்கும் ஆட்கள், காயும் துணி, போட்டு வைத்த நாற்காலி, நாம் வைக்கப்போகும் தோட்டம் எல்லாமே இந்த 14 கிலோவுக்குள் அடங்க வேண்டும். மரச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் பாத்தியே வேண்டாம். சில சின்னத் தொட்டிகளோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

இனி ஒரு பாத்தியை எடுத்துக்கொள்வோம். எட்டடி நீளம், மூன்றடி அகலம், ஓரடி ஆழம் மண். கன அளவு 24 கன அடி, அதாவது ஏறக்குறைய 680 லிட்டர். கடையிலிருந்து வரும் காய்ந்த செம்மண்ணின் எடையை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவோம். தளத்தின் மேல் உட்காரப்போவது ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய மண். ஊறிய செம்மண் கன அடிக்கு 50 கிலோ இருக்கும். ஆக மண் மட்டும் 1,200 கிலோ. சுற்றிலும் நாலரை அங்குலச் செங்கல் சுவர் ஒன்றேகால் அடி உயரத்துக்குக் கட்டினால் அது 550 கிலோ. அடியில் வடிகாலுக்கு என்று இரண்டு அங்குலம் ஜல்லி கொட்டினால் இன்னொரு 180 கிலோ. எல்லாம் சேர்ந்து இரண்டு டன்னை நெருங்குகிறது.

கீழே பத்தடிக்குப் பன்னிரண்டடி படுக்கையறை இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்த அறையின் கூரை முழுவதற்கும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட புழக்கச் சுமையே 1,680 கிலோதான். ஒரே ஒரு பாத்தி அதைத் தாண்டிவிட்டது. மறுநாளே கூரை இடிந்துவிடாது. கட்டுமானத்தில் பாதுகாப்புக்கென்று கொஞ்சம் கூடுதல் பலம் வைத்திருப்பார்கள். ஆனால் அந்த உபரி, கம்பி துருப்பிடிப்பதற்கும் கான்கிரீட் தரம் குறைந்திருப்பதற்கும் ஈடுகொடுக்க வைத்தது. அதை மண்ணுக்குச் செலவழிப்பது தவறு.

எடையைக் குறைக்க முதல் வழி மண் கலவையை மாற்றுவது. இரண்டு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு செம்மண் என்று கலந்தால் ஊறிய நிலையில் கன அடிக்கு 30 கிலோ அளவுக்கு இறங்கும். கலவைக்குக் கலவை இது மாறும் என்பதால் அளந்து பார்ப்பதே சரி. அடியில் ஓட்டை போட்ட பத்து லிட்டர் வாளியைக் கலவையால் நிரப்பி, நன்றாக நனைத்து, சொட்டுவது நின்றபின் எடை போடுங்கள். பத்து லிட்டருக்கு 11 கிலோ வந்தால் மேலே சொன்ன கணக்கு பொருந்துகிறது. 14, 15 கிலோ காட்டினால் செம்மண் கூடிப்போயிற்று என்று பொருள்.

அடுத்தது வடிகால். ஜல்லி போட்டால் மண்ணிலுள்ள தண்ணீரை அது கீழே இழுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நடப்பது வேறு. மண்ணின் நுண்ணிய இடுக்குகளில் பிடித்திருக்கும் நீர், ஜல்லியின் பெரிய இடைவெளிகளுக்குள் எளிதில் இறங்காது. மண்ணின் அடிப்பகுதி முழுதாக ஊறி நிறைந்த பிறகுதான் சொட்டத் தொடங்கும். ஜல்லி போட்டாலும் போடாவிட்டாலும் அடியில் சில அங்குலம் சேறாகவே நிற்கும். பாத்தி ஆழம் குறையக் குறைய வேருக்கு இது பெரிய தொல்லை, ஏனென்றால் ஊறி நிற்கும் அந்தப் பட்டையின் உயரம் மட்டும் குறைவதில்லை. அதைக் குறைக்க வழி, காற்றோட்டமான கலவையும் அதற்கேற்ற ஆழமும்தான்.

அப்படியானால் வடிகால் அடுக்கு எதற்கு? கீழே வந்த நீர் பக்கவாட்டில் ஓடித் துவாரத்தை அடைவதற்கு. அதற்கு ஜல்லியின் எடை தேவையில்லை. ஓர் அங்குல உயர பிளாஸ்டிக் டிரெயின் செல் போதும். சதுர அடிக்கு அரைக் கிலோவுக்கும் குறைவாகவே வரும். அதன்மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிக்க வேண்டும். செலவைக் குறைக்கப் பச்சை நிழல்வலையைப் போடுபவர்கள் உண்டு. அதன் கண்கள் வழியே மண் இறங்கி, ஓரிரு மழைக்காலத்தில் செல்லை அடைத்துவிடும். பாத்தியின் ஒரு மூலையில் துணி வரை இறங்கும் சிறு குழாயைச் செங்குத்தாக நட்டு வையுங்கள். மழை விட்டு மறுநாள் டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளே தண்ணீர் நின்றால் எங்கோ அடைப்பு இருக்கிறது என்று தெரியும்.

இப்போது அதே பாத்தியை மாற்றிப் போடுவோம். அகலம் இரண்டடி, ஆழம் ஒன்பது அங்குலம். கத்தரி, மிளகாய், வெண்டைக்கு இது போதும், கீரைக்கு ஆறு அங்குலமே தாராளம். மண் 12 கன அடி, 360 கிலோ. இலேசான பிளாஸ்டிக் பாத்தி, செல், செடி, பந்தல் எல்லாம் சேர்த்து 60 கிலோ என்று வைத்தால் மொத்தம் 420. இரண்டு டன்னிலிருந்து இறங்கிவிட்டோம். ஆனாலும் பாத்தி நிற்கும் இடத்தில் சதுர அடிக்கு 26 கிலோ விழுகிறது, 14 அல்ல.

அதனால்தான் எங்கே வைக்கிறோம் என்பது எவ்வளவு வைக்கிறோம் என்பதற்குச் சமமான முக்கியம் பெறுகிறது. பத்தடி அகல அறையின் கூரை நடுவில் இந்தப் பாத்தியை வைத்தால் தளத்தை வளைக்கும் விசை முழு வீச்சில் இருக்கும். அதையே சுவரை ஒட்டி, சுவருக்கு இணையாக வைத்தால் வளைக்கும் விசை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கீழே போய் அறைகளின் சுவர்களும் பீம்களும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்து, அவற்றுக்கு நேர் மேலே மாடியில் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். அந்தக் கோடுகளை ஒட்டியே பாத்திகள் நிற்கட்டும். கைப்பிடிச் சுவர் ஓரம் எப்போதும் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. சில வீடுகளில் அந்தச் சுவர் பால்கனிபோல் வெளியே நீட்டிய தளத்தின் நுனியில் நிற்கும். அங்கே ஒரு பாத்திகூடக் கூடாது. ஒன்றுக்கு மேல் பாத்தி வைப்பதானால், கட்டுமான வரைபடத்தோடு பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட வேண்டும்.

பாத்தி தளத்தில் நேராக உட்காராமல் சில அங்குலம் உயரத்தில் நிற்க வேண்டும். மழை நீர்க் குழாயை நோக்கி ஓடும் வாட்டத்தை அது மறிக்கக் கூடாது. சருகு அடைத்துத் தளத்தில் நான்கு அங்குலம் தண்ணீர் தேங்கினால், அதுவே சதுர அடிக்கு ஒன்பது கிலோவுக்கு மேல். பாத்தி வைத்த மாடியில் அதற்கு இடமே இல்லை.

ஆண்டு செல்லச் செல்ல நார்க்கழிவு மட்கிக் கலவை அமுங்கும். அந்தக் குறையைச் செம்மண் கொட்டி நிரப்புவதுதான் வழக்கமான பிழை. மூன்று நான்கு ஆண்டுகளில் பாத்தி சத்தமில்லாமல் கனத்துவிடும். உரமும் நார்க்கழிவும் மட்டும் சேர்த்து, மழைக்காலம் தொடங்குமுன் வாளிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அப்படியே கீழ் அறைக்குப் போய்க் கூரையின் நடுவில் புது விரிசல், பழுப்பு நிறத் துருக் கோடு, உப்புப் பூத்த வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது தென்பட்டால் காரணத்தை ஆராய்வது பிறகு, முதலில் மண்ணை இறக்கிவிட வேண்டும்.