பண்டிகைக் கூட்டத்தில் காணாமல் போகும் பிராண்டுகள்

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நாளிதழை விரித்து, விளம்பரங்களில் கடைப் பெயர் இருக்கும் இடத்தை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள். மத்தாப்பு பிடித்த குழந்தை, குத்துவிளக்கு, பட்டு உடுத்திச் சிரிக்கும் குடும்பம், மஞ்சள் நட்சத்திரத்துக்குள் ‘50% வரை’. நகைக்கடையா, செல்போன் கடையா, பர்னிச்சர் கடையா என்பதாவது ஓரளவு தெரியும். எந்தக் கடை என்பது பெரும்பாலும் தெரியாது. வருடம் முழுக்கப் பணம் செலவழித்து ஒரு கடை தனக்கென்று ஒரு நிறம், ஓர் எழுத்து, ஒரு பேச்சுமுறை என்று பழக்கியிருக்கும். விற்பனை உச்சத்தில் இருக்கும் அந்த மூன்று வாரங்களில்தான் அவை எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுகிறது. கல்யாண வீட்டுக்குப் பட்டு உடுத்திப் போகிறவருக்கு முகம் மாறிவிடுவதில்லை. பண்டிகைக்கு உடுத்தும் பிராண்டுகளுக்கு முகமே மாறிப்போகிறது.

இது சின்னக் கடைகளுக்கு மட்டும் நேர்வதல்ல. 2011 நவம்பரில் கோகோ கோலா நிறுவனம் கிறிஸ்துமஸ் காலத்துக்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் தன் சிவப்பு கேனை வெள்ளையாக்கியது. நோக்கம் நல்ல நோக்கம்: உலக இயற்கை நிதியத்தோடு சேர்ந்து பனிக்கரடிகளின் வாழிடத்தைக் காப்பதற்கான பிரசாரம். பனிக்கரடியும் அவர்களுக்குப் புதிதல்ல, 1993 முதல் அவர்களுடைய தொலைக்காட்சி விளம்பரங்களில் மக்கள் பார்த்துப் பழகியதுதான். நூறு கோடிக்கும் மேற்பட்ட வெள்ளை கேன்கள் தயாராயின. பிப்ரவரி வரை விற்பதாகத் திட்டம்.

சில வாரங்களிலேயே புகார்கள் குவிந்தன. வெள்ளிநிற கேனில் வரும் டயட் கோக் என்று நினைத்து வெள்ளை கேனை எடுத்துப் போனவர்கள், திறந்த பிறகு அது சர்க்கரை சேர்த்த வழக்கமான கோக் என்று கண்டு கடைக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இன்னும் சிலர் சுவையே மாறிவிட்டது என்றார்கள். உள்ளே இருந்த பானத்தில் எந்த மாற்றமும் இல்லை. டிசம்பர் தொடக்கத்திலேயே நிறுவனம் சிவப்புக்குத் திரும்பியது. அதே பனிக்கரடிகள் இப்போது சிவப்புப் பின்னணியில் நின்றன; குழப்பம் தீர்ந்தது.

நாம் கடையில் பெயரைப் படித்து எடுப்பதில்லை. நிறத்தையும் வடிவத்தையும் பார்த்துக் கை தானாகப் போகிறது. பண்டிகைக் கூட்டத்தில், கையில் பட்டியலோடு அவசரமாக நடக்கும்போது, படிக்கும் பொறுமை இன்னும் குறைவு. ஆகவே எந்த அடையாளத்தைப் பார்த்துக் கை நீள்கிறதோ, அதைப் பண்டிகையில் தொடவே கூடாது. கோக்குக்கு அது சிவப்பு. கரடி வரலாம், பனி வரலாம், சிவப்பு போகக் கூடாது.

இதை நன்றாகச் செய்து காட்டியதும் அதே நிறுவனம்தான். குளிர்காலத்தில் குளிர்பானம் விற்காதே என்ற சிக்கலுக்காக 1931இல் ஹாடன் சண்ட்ப்ளாம் என்ற ஓவியரிடம் கிறிஸ்துமஸ் தாத்தாவை வரையச் சொன்னார்கள். சிவப்பு அங்கித் தாத்தா அதற்கு முன்பே அமெரிக்கப் பத்திரிகைகளில் இருந்தார். அவரை கோக் உருவாக்கியதாகச் சொல்வது தவறு. சண்ட்ப்ளாம் செய்தது வேறு. பரிசு கொடுத்துக் களைத்த தாத்தா கொஞ்சம் ஓய்ந்து ஒரு கோக் குடிக்கிறார். ‘சற்று நின்று இளைப்பாறுங்கள்’ என்று அந்த பிராண்ட் வருடம் முழுக்கச் சொல்லிவந்த அதே பேச்சைத்தான் தாத்தாவும் செய்து காட்டினார். 1964 வரை சண்ட்ப்ளாம் அவரை வரைந்துகொண்டே இருந்தார்.

நம் ஊரில் இதற்கு நல்ல உதாரணம் சர்ஃப் எக்செல். ‘கறை நல்லது’ என்பது அவர்கள் வருடக்கணக்காகச் சொல்லும் ஒரே விஷயம். 2019 ஹோலிக்கு அவர்கள் எடுத்த படத்தில், வெள்ளை உடுப்பில் சைக்கிளில் வரும் ஒரு சிறுமி, தெருப் பிள்ளைகள் வீசும் வண்ணம் முழுவதையும் தன் மேல் வாங்கிக்கொள்கிறாள். பலூன்கள் தீர்ந்த பிறகு, தொழுகைக்குப் போகும் நண்பனை உடுப்பில் ஒரு துளி படாமல் மசூதியில் கொண்டுபோய் விடுகிறாள். அதற்கு எதிர்ப்பும் எழுந்தது, பெரும் பாராட்டும் கிடைத்தது. தொழில் கண்ணோடு பார்த்தால், அங்கே பெயரை மறைத்தாலும் யார் பேசுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். பண்டிகை வந்து பிராண்டின் கருத்துக்குள் அமர்ந்திருக்கிறது.

தள்ளுபடிதான் கடினமான பகுதி. பெரிய படம் எடுக்க வசதியில்லாத ஒரு கடையை வைத்துப் பார்ப்போம். கைத்தறிப் பருத்திச் சேலை விற்கும் ஒரு கற்பனைக் கடை. அவர்களுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எப்போதும் வெள்ளைச் சுவரில் ஒரே ஒரு சேலை. கீழே எந்த ஊர்த் தறி, எத்தனையாம் நம்பர் நூல், எப்படித் துவைக்க வேண்டும் என்று இரண்டு வரி. நிதானமான குரல். தீபாவளி வந்ததும் டிசைனரிடம் கொடுத்தால், சிவப்பும் தங்கமுமாக ஒரு ரெடிமேட் போஸ்டர் வருகிறது: ‘அதிரடி ஆஃபர்! 20% தள்ளுபடி! முந்துங்கள்!’ இரண்டு வருடமாக அங்கே வாங்கும் பெண்மணிகூட, வேறு யாரோ அனுப்பிய விளம்பரம் என்று தள்ளிவிட்டுப் போவார்.

இதையே அந்தக் கடை தன் குரலில் சொல்லியிருந்தால் இப்படி இருந்திருக்கும்: ‘போன வருஷத்து நிறங்களில் நாற்பது சேலைகள் மீதம் இருக்கின்றன. தீபாவளிக்கு முந்தின நாள் வரை அவற்றுக்கு மட்டும் 20% குறைவு. புது நிறங்களுக்கு விலை அதேதான்.’ வெள்ளைச் சுவர் அப்படியே இருக்கட்டும், சேலையின் அருகே ஓர் அகல் விளக்கு போதும். தள்ளுபடிக்கு இங்கே ஒரு காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்தால், மீதிச் சேலைகளின் விலையை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். காரணமே இல்லாமல் எல்லாவற்றிலும் இருபது சதவீதம் குறைத்தால், ‘அப்போ இத்தனை நாள் அதிகம் வாங்கினார்களா?’ என்ற கேள்வி வரும். விலையில் கைவைக்க மனமில்லாத கடை, ஃபால்ஸ் தைத்துத் தரலாம், முந்தானைக்குக் குஞ்சம் கட்டித் தரலாம். அதுவும் ஆஃபர்தான், சேலையைப் பற்றியே பேசும் ஆஃபர்.

எது மாறலாம், எது மாறக் கூடாது என்பதை ஆவணியிலேயே ஒரு பக்கத்தில் எழுதி டிசைனரிடமும், வாட்ஸ்அப்பில் பதில் போடும் பையனிடமும் கொடுத்துவிட வேண்டும். ஐப்பசி நெருக்கடியில் யாரும் யோசிப்பதில்லை. போஸ்டர் நிதானமாக இருந்து, விலை கேட்டவருக்கு ‘ஹர்ரி அப் மேம், லாஸ்ட் பீஸ்’ என்று பதில் போனால், அத்தனையும் வீண்.

சேதம் நடந்திருக்கிறதா என்பது பண்டிகையில் தெரியாது. விற்பனை ஏறித்தான் இருக்கும். தையில் கவனியுங்கள். தீபாவளியில் புதிதாக வந்தவர்கள் முழு விலைக்குத் திரும்ப வருகிறார்களா, அல்லது பழைய வாடிக்கையாளர்களும் ‘அடுத்த ஆஃபர் எப்போ?’ என்று கேட்கத் தொடங்கிவிட்டார்களா? ஆடியில் திருமணங்கள் இல்லாததால் மந்தமான வியாபாரத்தைத் தூக்க வந்த தள்ளுபடி, இன்று ஆடிக்காகவே மக்களைக் காத்திருக்க வைத்துவிட்டது.

அப்படிப் பழக்கிய பிறகு ஒரே நாளில் நிறுத்தவும் முடியாது. அமெரிக்காவின் ஜேசி பென்னி கடைகள் 2012இல் கூப்பன்களையும் தள்ளுபடி விற்பனைகளையும் நீக்கி, எப்போதும் ஒரே நியாய விலை என்று அறிவித்தன. நேர்மையான திட்டம்தான். ஆனால் கூப்பன் வெட்டி வாங்குவதுதான் அந்தக் கடை என்று வாடிக்கையாளர்கள் நினைத்திருந்தார்கள். அந்த ஆண்டு விற்பனை நான்கில் ஒரு பங்கு சரிந்தது. அடுத்த ஏப்ரலில் தலைமை அதிகாரி ரான் ஜான்சன் பதவி இழந்தார். தள்ளுபடியே முகமாகிவிட்ட கடை, அதைப் பருவத்துக்குக் கொஞ்சமாகத்தான் குறைத்துக்கொண்டு வர முடியும்.

ஆன்லைன் சந்தைகளில் விற்பவர்களுக்கு இன்னொரு வரம்பு உண்டு. அங்கே பேனரும் நிறமும் ‘இன்னும் 2 மணி நேரம்’ என்ற கடிகாரமும் அந்தத் தளத்துக்குச் சொந்தம். விற்பவர் கையில் மிஞ்சுவது பொருளின் படம், விவரம், பார்சல் இவ்வளவுதான். நம் சேலைக் கடை அங்கே விற்றால், வெள்ளைச் சுவர்ப் படத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ளலாம். பெட்டிக்குள் தறி ஊரும் துவைக்கும் முறையும் எழுதிய அதே இரண்டு வரித் துண்டுச்சீட்டைப் போட்டு அனுப்பலாம். தளத்தின் பெயரைப் பார்த்து வாங்கியவர், அந்தச் சீட்டில்தான் கடையின் பெயரை முதன்முறையாகப் படிப்பார்.