டீச்சருக்கு ஒரு பக்கக் கடிதம்

தமிழ்நாட்டில் பிளஸ் டூ வகுப்பு ஒன்றாக உட்காரும் கடைசி நாள், பொதுத்தேர்வு முடியும் நாள் அல்ல. மார்ச்சில் தேர்வு தொடங்கிவிட்டால் மாணவர்கள் பதிவெண்படி பல அறைகளுக்குப் பிரிந்துவிடுவார்கள். கண்காணிப்புக்கு வேறு பள்ளி ஆசிரியர்கள் வருவார்கள். வகுப்பாசிரியரும் வேறெங்கோ கண்காணிப்புப் பணியில் இருப்பார். அதனால் பிரிவுக் கடிதத்தை பிப்ரவரியில், செய்முறைத் தேர்வு நடக்கும்போதே எழுதி முடித்துவிட வேண்டும்.

வழக்கமாக என்ன நடக்கிறது? நன்றாக எழுதும் ஒரு மாணவியிடம் வேலையை விட்டுவிடுகிறார்கள். ஏணி, தோணி, மெழுகுவர்த்தி எல்லாம் வந்து சேர்கின்றன. அழகாக அச்சடித்துச் சட்டமும் போட்டுவிடுகிறார்கள். அந்த மடலில் ஆசிரியரின் பெயரை மட்டும் மாற்றிப் பாருங்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியருக்கும் அது அப்படியே பொருந்தினால், இவருக்காக எழுதிய கடிதம் அல்ல அது.

இதற்கு நல்ல வழி, ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுப்பது. "டீச்சர் எனக்குச் செய்த ஒன்று" என்று இரண்டே வரி எழுதச் சொன்னால் போதும். நாற்பது சீட்டு வந்தால் பாதியில் "நன்றாக நடத்தினார்" என்றுதான் இருக்கும். மீதியில்தான் கடிதம் இருக்கிறது. ஒரு சீட்டில், மதிப்பெண் சான்றிதழுக்கான பெயர்ப்பட்டியலில் தன் இனிஷியல் தவறாக இருந்ததை டீச்சர் கண்டுபிடித்துத் திருத்தியது இருக்கலாம். இன்னொன்றில், பி.டி. பீரியடைக் கேட்டு வாங்கிக் கணக்கு நடத்திய கோபம் இருக்கலாம். கோபத்தையும் விட வேண்டாம். டீச்சர் சிரித்துக்கொண்டே படிக்கும் வரி அதுவாகத்தான் இருக்கும்.

அப்படிச் சேர்ந்த சீட்டுகளிலிருந்து ஒரு பத்தி இப்படி வரலாம்:

"டீச்சர், காலாண்டு விடுமுறைக்குப் பிறகு கடைசி பெஞ்சில் ஒரு இடம் காலியாக இருந்தது. அவன் மில் வேலைக்குப் போய்விட்டான் என்று நாங்கள் சொன்னோம். அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பேசினீர்கள். மறுவாரம் வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை வாசித்தபோது, 'உள்ளேன்' என்று வகுப்பே சேர்ந்து சொன்னது. கீழே அவனும் கையெழுத்துப் போட்டிருக்கிறான்."

இதில் 'தியாகம்', 'தெய்வம்' என்ற சொற்கள் ஒன்றுகூட இல்லை. டீச்சர் என்ன செய்தார் என்பது மட்டும் இருக்கிறது. ஆனால் வீட்டுக் கஷ்டத்தைத் தொடும் இப்படிப்பட்ட வரியை, சம்பந்தப்பட்ட மாணவனிடம் தனியாகக் கேட்ட பிறகே சேர்க்க வேண்டும். விழாவில் எல்லார் முன்னாலும் வாசிக்கப்போகும் கடிதம் அது. அவன் தயங்கினால் எடுத்துவிட வேண்டியதுதான்.

அளவு ஒரு பக்கம் போதும். மூன்று நிகழ்ச்சிகளுக்கு மேல் சேர்த்தால் எதுவும் மனதில் நிற்காது. கையால் எழுதி, பதிவேட்டின் வரிசையிலேயே கையெழுத்துகள் இருந்தால், ஒவ்வொரு பெயரையும் டீச்சர் தினமும் அழைத்த அதே வரிசையில் பார்ப்பார்.

இந்த பிப்ரவரியில் எழுதப்போகும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நடுவில் படிப்பை நிறுத்தியவர்களின் வீட்டுக்கும் அந்தத் தாளை எடுத்துச் செல்லுங்கள். அவர்கள் கையெழுத்தும் அதில் இருக்கட்டும்.