உஷார்! பாக்கெட்டில் இருக்கிற 13-ஐ நம்பி ரப்பர் வாங்காதீங்க

ஆர்.கே.பேட்டையில் டேபிள் டென்னிஸ் ரப்பரைத் தொட்டுப் பார்த்து வாங்கக் கடை இல்லை. ஆன்லைனில் வேக எண்ணைப் பார்த்து ஆர்டர் போடுகிறோம். ஆபத்து அங்கேதான்.

என் அண்ணன் மகன் விளையாட ஆரம்பித்து நாலு மாசம். 2022 காமன்வெல்த்தில் சரத் கமல் தங்கம் வாங்கிய ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, வேக எண் பெரிசாகப் போட்ட ரப்பரை 2.1 மி.மீ. ஸ்பாஞ்சோடு இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு வந்தான். "சித்தப்பா, சும்மா தொட்டாலே பந்து பறக்குது" என்றான். பறந்தது, மேஜைக்கு வெளியே!

அந்த எண் என்ன? பட்டர்ஃபிளை கம்பெனி டெனர்ஜி 05-க்கு 13 போடுகிறது. இன்னொரு கம்பெனியின் அளவுகோல் வேறு, பொதுவான தராசு கிடையாது. சர்வதேச சங்கமும் வேகத்தை அளந்து சான்று தருவதில்லை. ரப்பரில் இருக்கும் அதன் முத்திரை, போட்டியில் ஆட அனுமதி உண்டு என்று மட்டும்தான் சொல்கிறது. இன்னொரு விஷயம்: ஒரே ரப்பர் பல ஸ்பாஞ்ச் தடிமனில் வந்தாலும் கேட்டலாக்கில் ஒரே எண்தான்.

ஆனால் கையில் வித்தியாசம் பெரிசு. 1.5-ல் பந்து ஸ்பாஞ்சை அமுக்கிச் சீக்கிரமே மரத்தைத் தொடும், அடி கைக்குத் தெரியும். 2.1-ல் ஸ்பாஞ்ச் உள்வாங்கித் திருப்பி எறியும். வேகமாக வீசிச் சுழற்றுபவருக்கு அது வரம். புதிதாக ஆடுபவரோ பாதி நேரம் மெதுவாகப் புஷ் செய்கிறார், சர்வீஸை எடுக்கிறார். அப்போதும் அது எறியும். பந்து விழ வேண்டிய எதிர்ப்பாதி 1.37 மீட்டர்தான்.

கெடுதல் தோற்பதில் இல்லை. பந்து வெளியே போகுமே என்று பையன் கையைப் பாதியில் நிறுத்தப் பழகிவிடுகிறான். அந்தப் பழக்கம் ரப்பரை மாற்றினாலும் லேசில் போவதில்லை.

சோதிக்க எளிய வழி: எதிராளி மெதுவாகப் போடும் 20 பந்தைப் புஷ் செய்யச் சொல்லுங்கள். என் அண்ணன் மகனுக்கு 9 தான் மேஜையில் விழுந்தது. நண்பனின் 1.8 பேட்டில் 16.

அதனால் கார்பன் இல்லாத ஐந்தடுக்கு ஆல்ரவுண்ட் மரம், கம்பெனியே 'ஆல்ரவுண்ட்' என்று சொல்லும் ரப்பர், ஃபோர்ஹேண்டுக்கு 1.8, பேக்ஹேண்டுக்கு 1.5 என்று மாற்றினோம். 'மேக்ஸ்' என்று போட்டிருந்தால் தொடாதீர்கள். விதி அனுமதிக்கும் 4 மி.மீ. மொத்தத் தடிமனை ஒட்டி வரும் ஸ்பாஞ்ச் அது. கடைக்காரர் தடிமனைச் சொல்லாவிட்டால் ஆர்டரே வேண்டாம். வெட்டி ஒட்டிய ரப்பரை யாரும் திரும்ப எடுக்கமாட்டார்கள். எங்கள் 2.1 இரண்டும் அலமாரியில் கிடக்கின்றன.