ஸ்கேனில் ரத்தம் ஓடினாலும் சினைப்பை முறுக்கியிருக்கலாம்

பதினான்கு வயதுச் சிறுமி. மாலை டியூஷனில் உட்கார்ந்திருக்கும்போது வலது அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு வலி. வீட்டுக்கு வருவதற்குள் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. மாதவிலக்கு நேரம் இல்லை, காய்ச்சலும் இல்லை. அம்மா கொடுத்த வெந்தயமும் மோரும் அடுத்த நிமிடமே வாந்தியாக வெளியே வந்தது. நடுவில் அரை மணி நேரம் வலி தணிந்து, அவள் கண்ணயர்ந்தாள். பிறகு முன்னைவிடக் கடுமையாக வலித்தது. இது ஒரே பெண்ணின் கதை அல்ல. அவசர சிகிச்சைப் பிரிவுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கப்படும் பல பெண்களின் நிலையைச் சேர்த்து எழுதிய ஒரு மாதிரி.

வலது அடிவயிறு என்றதும் எல்லோருக்கும் முதலில் குடல்வால்தான் நினைவுக்கு வரும். மருத்துவருக்கும் அப்படித்தான். ஆனால் குடல்வால் அழற்சியில் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கி, மணிக்கணக்கில் மெல்ல வலப்பக்கம் இறங்கும். இங்கே வலி ஒரே நொடியில் வந்தது, விட்டுவிட்டு வந்தது, கூடவே வாந்தி. இந்த மூன்றும் சேர்ந்தால் சினைப்பை முறுக்கு என்ற சந்தேகம் எழ வேண்டும். அதனால் ரத்தப் பரிசோதனையும் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனையும் செய்துவிட்டு, அடிவயிற்று ஸ்கேனுக்கு எழுதினார்கள். (கர்ப்பப் பரிசோதனை என்றதும் சில பெற்றோர் கொதித்துப் போவார்கள். குழாயில் தங்கிய கரு வெடித்தாலும் இதே போன்ற வலி வரும் என்பதால் வயதுக்கு வந்த எல்லாப் பெண்களுக்கும் அதைச் செய்கிறார்கள். அதில் சந்தேகப் பார்வை ஏதும் இல்லை.)

சினைப்பை ஓரிடத்தில் ஆணியடித்தது போல் நிற்கும் உறுப்பு அல்ல. ஒரு பக்கம் கர்ப்பப்பையோடும் இன்னொரு பக்கம் இடுப்புச் சுவரோடும் இரண்டு நாண்கள் அதைத் தாங்குகின்றன. ரத்தக் குழாய்களும் அவற்றின் வழியேதான் வருகின்றன. சினைப்பை அந்த நாண்களை அச்சாகக் கொண்டு சுழன்றுவிட்டால் குழாய்கள் நெரிபடும். பெரியவர்களில் பெரும்பாலும் ஒரு நீர்க்கட்டியோ வேறு கட்டியோ பாரமாகி இந்தச் சுழற்சிக்கு வழிசெய்யும். வளரும் பெண்களில் அந்த நாண்கள் நீளமாக இருக்கக்கூடும் என்பதால், கட்டி எதுவும் இல்லாத சினைப்பையும் முறுக்கிக்கொள்வது உண்டு. இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் இது சற்று அதிகம். இடப்பக்கத்தில் பெருங்குடலின் வளைவு இடத்தை அடைத்துக்கொள்வதால் சினைப்பை ஆட இடம் குறைவு என்று அதற்குக் காரணம் சொல்வார்கள்.

இந்த வயதில் ஸ்கேன் வயிற்றின் மேலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அதற்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும்; நிரம்பிய பையின் வழியே பார்த்தால்தான் பின்னாலிருக்கும் சினைப்பை தெளிவாகத் தெரியும். குடித்த தண்ணீரையெல்லாம் வாந்தி எடுக்கும் பெண்ணுக்கு இது எப்படி முடியும்? டிரிப்ஸ் ஏற்றியபடி காத்திருக்கலாம். நேரம் போகிறது என்றால் சிறு குழாய் வைத்துப் பையை நிரப்பலாம். ஸ்கேன் அறை வாசலில் பாட்டில் தண்ணீரோடு இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதுதான் மோசமான வழி.

படத்தில் முதலில் தெரிந்தது அளவு. வலது சினைப்பை 6.1 செ.மீ. நீளம், 4.2 அகலம், 4 தடிமன். மூன்றையும் பெருக்கி, அதை 0.52-ஆல் பெருக்கினால் கொள்ளளவு கிடைக்கும்: சுமார் 53 மில்லி. இடது சினைப்பை அதே கணக்கில் ஏறத்தாழ 7 மில்லி. பருவமடைந்த பெண்ணின் சினைப்பை பெரும்பாலும் 10 மில்லிக்கு உட்பட்டே இருக்கும். பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் அது இரண்டு பக்கமும் கூடும். வலிக்கிற பக்கம் மட்டும் ஏழு மடங்குக்கு மேல் பெருத்திருப்பதற்கு பி.சி.ஓ.எஸ். விளக்கம் ஆகாது.

அடுத்து, அந்தப் பெருத்த சினைப்பையின் நடுப்பகுதி நீர்கோத்து வெளுத்திருந்தது. சிறு முட்டைப்பைகள் எல்லாம் விளிம்புக்குத் தள்ளப்பட்டு வரிசையாக நின்றன. சினைப்பையும் தன் இடத்தை விட்டுக் கர்ப்பப்பையின் மேல் ஏறி நடுவுக்கு வந்திருந்தது. பக்கத்தில் கொஞ்சம் நீர்.

பிறகு டாப்ளரைப் போட்டார்கள். திரையில் சிவப்பும் நீலமும் தெரிந்தன. ரத்தம் ஓடுகிறது! மூச்சுவிட்ட அம்மா கேட்டார்: “அதான் கலர்ல ரத்தம் ஓடுதே டாக்டர், அப்புறம் எதுக்கு ஆபரேஷன்?”

“ஓட்டம் இருக்குறதால முறுக்கு இல்லைன்னு சொல்ல முடியாதும்மா” என்றார் மருத்துவர். “முழுசா நின்னு போறதுக்கு முன்னாடியே நாம உள்ள போயிடணும்.”

அவர் சொன்னதற்குக் காரணம் குழாய்களின் அமைப்பில் இருக்கிறது. சிரையின் சுவர் மெல்லியது, அதற்குள் அழுத்தமும் குறைவு. முறுக்கு தொடங்கியதும் முதலில் சிரைதான் நசுங்கும். தமனியின் சுவர் தடிமனானது என்பதால் அது தாக்குப்பிடிக்கும். ஆக, ரத்தம் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது, வெளியேற வழியில்லை. சினைப்பை பெருப்பதே இதனால்தான். அதோடு சினைப்பைக்கு ரத்தம் இரண்டு வழிகளில் வருகிறது: மகாதமனியிலிருந்து நேராக ஒன்று, கர்ப்பப்பைத் தமனியின் கிளையாக இன்னொன்று. ஒன்று அடைபட்டாலும் மற்றது கொஞ்ச நேரம் ஈடுகட்டும். முறுக்கு தானாகத் தளர்ந்து மீண்டும் இறுகுவதும் உண்டு. தளர்ந்த நேரத்தில் ஸ்கேன் எடுத்தால் ஓட்டம் நன்றாகவே தெரியும். அறுவை அரங்கில் முறுக்கு உறுதியான பெண்களில் கணிசமானோருக்கு முன்பு எடுத்த டாப்ளரில் ரத்த ஓட்டம் பதிவாகியிருந்திருக்கிறது.

நம் சிறுமியின் படத்திலும் உற்றுப் பார்த்தபோது தமனி ஓட்டம் மட்டுமே இருந்தது. அதுவும் இதயம் சுருங்கும்போது மேலெழுந்து, விரியும்போது ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. சிரை ஓட்டம் கிடைக்கவே இல்லை. இடது சினைப்பையில் அதே அமைப்பில் இரண்டும் தெரிந்தன. இந்த ஒப்பீடு முக்கியம். ஏனென்றால் கருவி மெதுவான ஓட்டத்தைப் பிடிக்கும்படி அமைக்கப்படாவிட்டாலோ, சினைப்பை ஆழத்தில் இருந்தாலோ, ஆரோக்கியமான சினைப்பையிலும் வண்ணம் வராது. கடைசியாக, கர்ப்பப்பைக்கும் சினைப்பைக்கும் நடுவே ஸ்கேன் கருவியை மெல்ல நகர்த்தியபோது குழாய்கள் வட்டமாகச் சுற்றியிருப்பது தெரிந்தது. இந்தச் சுழல் தெரிந்தால் சந்தேகம் பெரிதும் வலுப்படும். தெரியாவிட்டால் முறுக்கு இல்லை என்று பொருள் அல்ல.

அமெரிக்க மகப்பேறு, மகளிர் நல மருத்துவர்கள் அமைப்பு வளர் இளம்பெண்களுக்காக 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் டாப்ளரை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்கிறது. ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் “ரத்த ஓட்டம் உள்ளது” என்று இருப்பதைக் காட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்டு, மறுநாள் திரும்பி வரும் பெண்கள்தான் இந்த நோயில் பரிதாபத்துக்குரியவர்கள்.

அன்றிரவே லேப்ராஸ்கோப்பி நடந்தது. சினைப்பை இரண்டு சுற்று சுற்றி, கருநீலமாகக் கிடந்தது. முன்பெல்லாம் இந்த நிறத்தைப் பார்த்ததுமே வெட்டி எடுத்துவிடுவார்கள். முறுக்கை அவிழ்த்தால் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்விடும் என்ற பயம் ஒரு காரணம். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று பின்னர் தெரிந்தது. கறுத்துத் தெரிவது பெரும்பாலும் தேங்கிய ரத்தத்தின் நிறம்தான், திசு செத்ததன் அடையாளம் அல்ல என்பதும் புரிந்தது. இப்போது அவிழ்த்துவிட்டு அப்படியே விடுவதுதான் வழக்கம். அறுவை மேசையிலேயே நிறம் திரும்ப வேண்டும் என்றுகூட இல்லை. எத்தனை மணி நேரத்துக்குள் அவிழ்த்தால் பிழைக்கும் என்பதற்குத் திட்டவட்டமான எல்லை கிடையாது. சீக்கிரம் என்றால் நல்லது; தாமதமாகிவிட்டது என்பதற்காக எடுத்துவிட வேண்டியதும் இல்லை.

சில வாரங்கள் கழித்து வீக்கம் வடிந்ததும் மறுபடி ஸ்கேன் எடுப்பார்கள். விளிம்புக்கு ஒதுங்கியிருந்த முட்டைப்பைகள் இயல்பாகப் பரவி, அளவும் மறுபக்கத்தை நெருங்கியிருந்தால் சினைப்பை பிழைத்துவிட்டது. முதல் முறை முறுக்கியதற்கே சினைப்பையைத் தையல் போட்டு நிலைநிறுத்த வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. மீண்டும் மீண்டும் முறுக்குபவர்களுக்கும், ஒரே ஒரு சினைப்பை மட்டும் மிஞ்சியவர்களுக்கும் பலர் அதைச் செய்கிறார்கள். மற்றவர்களுக்கு அதே பக்கமோ மறுபக்கமோ சுருக்கென்று வலித்து வாந்தி வந்தால், வலி தானாக நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்கு வரச் சொல்லி அனுப்புவார்கள்.