ரயில் நின்றுபோன காலையில் மேலாளருக்கு ஒரு மெயில்

தாம்பரத்தில் 9 மணி வாக்கில் ஏறினால் கிண்டி அலுவலகத்துக்கு 10 மணிக் கூட்டத்துக்குள் தாராளமாகப் போய்விடலாம், ரயில் ஓடினால். குரோம்பேட்டையைத் தாண்டியதும் வண்டி நின்று, மின்விசிறியும் ஓய்ந்துவிட்டால் பயணிகளுக்கு விஷயம் புரிந்துவிடும்: மேலே செல்லும் மின்கம்பியில் ஏதோ கோளாறு. அந்தப் பகுதியில் மின்சாரத்தை நிறுத்தி, பழுதுபார்க்கும் ஊழியர்கள் வந்து, கம்பியைச் சரிசெய்த பிறகுதான் வண்டி நகரும். அது எப்போது என்று பெட்டிக்குள் இருப்பவர்களுக்குத் தெரிய வழியில்லை.

பலர் சறுக்குவது இங்கேதான். "பத்து நிமிஷத்துல வந்துடறேன் சார்" என்று ஒரு செய்தி, அப்புறம் இன்னொரு பத்து நிமிஷம். அதை நம்பி அங்கே கூட்டத்தைத் தள்ளிவைத்துக் காத்திருப்பார்கள். "ரயில் நடுவழியில் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று தெரியவில்லை, எனக்காகக் காத்திருக்க வேண்டாம்" என்று 10 மணிக்கு முன்பே அனுப்பினால் போதும். மன்னிப்பு மெயில் அலுவலகம் போய்ச் சேர்ந்தபின் எழுத வேண்டியது.

விற்பனைக் கணக்கைச் சொல்ல வேண்டியிருந்த ஒரு ஊழியர் இப்படி எழுதலாம்:

பொருள்: இன்று காலை 10 மணிக் கூட்டத்துக்கு வர இயலாதது

வணக்கம் மேடம்,
இன்றைய கூட்டத்துக்கு என்னால் வர முடியவில்லை, மன்னிக்கவும். மின்கம்பிக் கோளாறால் ரயில் குரோம்பேட்டை – பல்லாவரம் இடையே 9.20 முதல் 10.15 வரை நின்றுவிட்டது. நான் சொல்லவிருந்த விற்பனைக் கணக்கை இணைத்திருக்கிறேன். அதில் 3-ம் பக்கத்தில் உள்ள கோவை நிலுவைக்கு மட்டும் இன்றே உங்கள் முடிவு தேவை. கூட்டத்தில் பேசியதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 2 மணிக்கு மேல் நேரம் இருந்தால் நேரில் வந்து விளக்குகிறேன்.

ரயிலுக்கு இதில் ஒரே வாக்கியம்தான். இடமும் நேரமும் இருப்பதால் அது சாக்குப்போக்காகத் தொனிக்கவில்லை. ஜிஎஸ்டி சாலைக்கு நடந்து வந்த கதை, ஆட்டோக்காரர் கேட்ட கட்டணம் எல்லாம் மதிய உணவு மேஜைக்கு உரியவை. மேலாளருக்கு அந்த நேரத்தில் இருக்கும் கவலை கோவை நிலுவை. மெயிலில் அதற்கென்று தனி வாக்கியம் இருப்பது அதனால்தான்.

ஜப்பானில் ரயில் தாமதமானால் நிலையத்திலேயே தாமதச் சான்றிதழ் என்று ஒரு சிறு சீட்டு தருகிறார்கள். ஊழியர்கள் அதை அலுவலகத்தில் காட்டுகிறார்கள். நம் புறநகர் ரயிலில் அப்படிச் சீட்டு தருவது வழக்கமில்லை. சீசன் டிக்கெட்டோ அன்று எந்த வண்டியில் வந்தார் என்பதைக் காட்டாது. கேட்டால் காட்ட, ரயிலுக்குள்ளிருந்து அனுப்பிய அந்த முதல் செய்தியின் நேரம் இருக்கிறது. கேட்காதபோது நின்ற வண்டியின் படத்தை மெயிலில் இணைத்தால், யாரோ சந்தேகப்பட்டதற்குப் பதில் சொல்வதுபோல் இருக்கும்.

"இனி இப்படி நடக்காது" என்ற வரி மேலே இல்லை. கம்பி அறுவது ஊழியரின் கையில் இல்லையே! ஆனால் ஒரே மாதத்தில் இரண்டாம் முறையாக இது நடந்திருந்தால் ஒரு வரி சேர்க்கத்தான் வேண்டும்: "காலைக் கூட்டம் உள்ள நாட்களில் 8.30-க்கே ரயில் ஏறிவிடுகிறேன்."