ஐநூறைத் தாண்டிய பதினாறு யூனிட்

மின் கட்டண அட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். அந்தத் தொகை எப்படி வந்தது என்பதை நாமே போட்டுப் பார்க்கலாம். பெருக்கலும் கூட்டலும் தெரிந்தால் போதும்.

ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஆகவே வாட்டை மணியால் பெருக்குங்கள், ஆயிரத்தால் வகுங்கள்.

குடவாசலில் ஒரு தொழிலாளியின் வீடு என்று வைத்துக்கொள்வோம். 75 வாட் மின்விசிறி மூன்று, நாளுக்கு 12 மணி: 2.7 யூனிட். 20 வாட் விளக்கு நான்கு, 5 மணி: 0.4. 80 வாட் தொலைக்காட்சி, 5 மணி: 0.4. தண்ணீர் மோட்டார் ஆயிரம் வாட் இழுக்கிறது. அரை மணிக்கு 0.5. கிரைண்டர், மிக்சி, இஸ்திரிப் பெட்டி சேர்ந்து 0.3. குளிர்பதனப் பெட்டியை 24 மணியால் பெருக்கக் கூடாது. அது விட்டுவிட்டு ஓடுவது. அதன் நட்சத்திரச் சீட்டில் ஆண்டுக்கு 255 யூனிட் என்றிருந்தால், 365ஆல் வகுத்து 0.7 என்று கொள்க. ஆக, நாளுக்கு 5 யூனிட், மாதம் 150.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மாதம் 150 என்பதால் நூறு இலவசம், மிச்சம் ஐம்பதுக்குத்தானே காசு என்கிறார்கள். அந்த நூறு, இரண்டு மாதத்துக்குச் சேர்த்துத் தரப்பட்டது. முதலில் இரட்டியுங்கள்: 300 யூனிட். 2022 செப்டம்பர் கட்டணப்படி முதல் நூறு இலவசம். அடுத்த நூறு 2.25 வீதம் 225 ரூபாய். அதற்கடுத்த நூறு 4.50 வீதம் 450 ரூபாய். மொத்தம் 675, மாதத்துக்கு 337.50. பின்னர் விலைகள் மாறின; கணக்கிடும் முறை இதுதான். புதிய விலையை இட்டுப் போடுங்கள்.

கோடை வருகிறது, 1,200 வாட் ஏ.சி. ஒன்றும் வருகிறது. இரவு 6 மணி நேரத்தில் அதன் கம்ப்ரசர் பாதி நேரம் ஓடினால் 3.6 யூனிட். அறுபது நாளில் 216. மொத்தம் 516!

அதே கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். ஐநூறைத் தாண்டியவர்க்கோ 101 முதல் 200 வரை இருந்த சலுகையும் போய், 400 வரை 4.50, அடுத்த நூறுக்கு 6, அதற்கடுத்த நூறுக்கு 8 ரூபாய். ஆகவே 516க்கு 2,078 ரூபாய். கடைசிப் பதினாறு யூனிட்டின் விலை 353 ரூபாய்! இரவுக்கு அரை மணி ஏ.சி.யைக் குறைத்தால் 18 யூனிட் மிச்சம். 498 யூனிட்டுக்கு 1,713 ரூபாயோடு போகும்.

போட்ட கணக்கு சரியா? இன்று காலை மீட்டர் எண்ணைக் குறித்து, நாளை அதே நேரத்தில் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் எல்லாக் கருவிகளையும் நிறுத்துங்கள். அப்போதும் மீட்டரின் துடிப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால், மின்சாரம் எங்கோ கசிகிறது என்று சந்தேகித்து, தெரிந்த மின்பணியாளரை அழையுங்கள்.