24, 30, 60: ஃபிரேம் மாறினாலும் வாயசைவு தவறாமல் இருக்க

ஒரு மாணவர் விநாடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில் பத்து விநாடி அனிமேஷன் செய்திருக்கிறார். பேசும் கிளி, குரல் தனியாகப் பதிவு செய்தது. இடுபணியை 30 ஃபிரேமில் கேட்கிறார்கள். அவர் பிளெண்டரில் Frame Rate பெட்டியில் 24-ஐ 30 ஆக்குகிறார். கிளி எட்டே விநாடியில் வாயை மூடிவிடுகிறது. குரல் மட்டும் இன்னும் இரண்டு விநாடி ஓடுகிறது. "சார், நான் வேற எதையும் தொடவே இல்லையே!"

அவர் சொல்வது உண்மைதான். தொடாததுதான் சிக்கல். கீஃபிரேம்கள் நேரத்தை நினைவில் வைப்பதில்லை, ஃபிரேம் எண்ணை மட்டுமே வைத்திருக்கின்றன. மொத்தம் 240 ஃபிரேம். அதை 24-ஆல் வகுத்தால் 10 விநாடி. 30-ஆல் வகுத்தால் 8. நேரம் மாறாமல் இருக்க வேண்டுமானால் எண்கள் மாறவேண்டும்: 30-க்கு ஒவ்வொன்றையும் 1.25-ஆல் பெருக்குங்கள், 60-க்கு 2.5-ஆல். கடைசி ஃபிரேமின் எண்ணும் 300 அல்லது 600 ஆகவேண்டும். ஒலியை இழுக்கவோ சுருக்கவோ கூடாது.

பிளெண்டரில் Dope Sheet-க்குப் போய் எல்லாக் கீஃபிரேமையும் தேர்ந்தெடுத்து, S அழுத்தி, 1.25 என்று தட்டினால் போதும். ஆனால் அதற்கு முன் நேரக்கோட்டின் சுட்டியை முதல் ஃபிரேமில் கொண்டுபோய் வையுங்கள். சுட்டி நிற்கும் இடத்தை மையமாக வைத்துத்தான் எல்லாம் விரியும். சுட்டி நடுவில் நின்றால் முற்பகுதி பின்னோக்கி நகர்ந்து, தொடக்கமே குரலோடு ஒட்டாமல் போகும்.

அடுத்து, பின்ன எண்கள். கிளியின் ஒவ்வொரு வாய்ப்படமும் மூன்று ஃபிரேம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 0, 3, 6, 9, 12. இவை 30-இல் 0, 3.75, 7.5, 11.25, 15 ஆகின்றன. கை அசைவு போல வழுக்கிச் செல்லும் இயக்கத்துக்குப் பின்னம் இருந்தால் பரவாயில்லை. வாய்ப்படம் சட்டென்று மாறுவது. அதை முழு எண்ணில் வைப்பதே நல்லது. எதை முழுமையாக்குவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இடைவெளி 3.75, சரி நான்கு என்று எடுத்து 0, 4, 8, 12, 16 என்று கூட்டிக்கொண்டே போனால், பத்து விநாடியில் வரும் 80 வாய்ப்படங்களுக்கு 320 ஃபிரேம் ஆகிவிடும். இருக்க வேண்டியது 300. இறுதியில் வாய் குரலைவிட மூன்றில் இரண்டு பங்கு விநாடி பிந்தும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு எண்ணையும் தொடக்கத்திலிருந்தே பெருக்கி, அதன்பிறகு முழுமையாக்குங்கள்: 0, 4, 8, 11, 15. பிழை எந்த இடத்திலும் அரை ஃபிரேமைத் தாண்டாது. அடுத்த எண்ணுக்கும் அது தொற்றாது. தேர்விலும் கணக்கை இப்படியே காட்டுங்கள்.

மூலக் கோப்பு இல்லை, முடிந்த காணொளி மட்டும்தான் இருக்கிறது என்றால் கதை வேறு. 24-ஐ 30 ஆக்க விநாடிக்கு ஆறு ஃபிரேம் கூடுதலாக வேண்டும். மென்பொருள் நான்கு ஃபிரேமுக்கு ஒன்றை இரட்டிக்கும். நீளம் சரியாகவே இருக்கும், ஆனால் பின்னணி பக்கவாட்டில் நகரும்போது விநாடிக்கு ஆறு முறை தடுக்கும். ஆக, நீளம் மாறியிருந்தால் எண்கள் பெருக்கப்படவில்லை. நீளம் சரியாக இருந்து அசைவு தடுக்கினால் ஃபிரேம் சீரில்லாமல் இரட்டித்திருக்கிறது. விஎல்சி-யில் E விசையைத் தட்டித் தட்டிப் பார்த்தால் அசையாமல் நிற்கும் ஃபிரேம் கண்ணில் படும்.

கையால் வரைந்த அனிமேஷனுக்கு இங்கே ஒரு நல்ல வழி உண்டு. அதில் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்துவார்கள், அதாவது விநாடிக்கு 12 படம். 30-ஐ 12-ஆல் வகுத்தால் 2.5, எனவே ஒரு படம் இரண்டு ஃபிரேமும் அடுத்தது மூன்றும் நிற்கும். 60-ஐ வகுத்தால் சரியாக 5! எல்லாப் படமும் சமமாக நிற்கும், தடுக்கலே வராது. விதிமுறை அனுமதித்தால் அத்தகைய காணொளியை 30-க்குக் கொண்டுபோகாமல் 60-க்கே கொண்டுபோங்கள்:

```
ffmpeg -i kili.mp4 -vf fps=60 -c:a copy kili60.mp4
```

ஒவ்வொரு ஃபிரேமிலும் புதுப்படம் இருக்கும் 24-க்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே 60-க்குப் போனாலும் 2, 3 என்று மாறி மாறித்தான் நிற்கும். இடைப்பட்ட படத்தை மென்பொருளே உருவாக்கும் minterpolate போன்ற வடிகட்டிகள் இருக்கின்றன; கோட்டோவியத்தில் அவை அலகையும் கண்ணையும் கரைத்துவிடுவதால் நான் மாணவர்களுக்குச் சொல்வதில்லை. மூலக் கோப்பைத் தேடி எடுத்து, கீஃபிரேமைப் பெருக்கி, மறுபடி ரெண்டர் செய்வதுதான் சரி.

60-இலிருந்து 30-க்கு இறங்குவது சுலபம். ஒன்றுவிட்டு ஒன்றை நீக்கினால் முடிந்தது. 60-இலிருந்து 24-க்கு இறங்கும்போது 2.5-க்கு ஒன்று எடுக்க வேண்டியிருப்பதால் மறுபடியும் அதே தடுக்கல் வரும்.

கடைசியாக, மென்பொருளில் 23.976 என்று ஓர் எண் தெரிந்தால் அதை 24 என்று நினைத்துவிடாதீர்கள். வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். பத்து விநாடிக் கிளிக்கு அது தெரியாது. பத்து நிமிட நாடகத்தில் 0.6 விநாடி ஆகி, வாயும் குரலும் பிரிந்து நிற்கும்.